வெளியே தெரியாத ரூட்



துவாக்குடியில் ஒரு பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: யாரும் பார்க்காதபோது நேர்மையாக இருப்பது. தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி எல்லாம் முடிந்த பிறகு பேச்சுக்கு ஏழு நிமிடம். அதற்கு மேல் போனால் வெயில் ஏறிவிடும், முதல் பாடவேளையும் குறையும் என்று தலைமை ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். அன்று கேட்ட ஆசிரியர்கள் சிலர் பேச்சை எழுத்தில் தர முடியுமா என்றார்கள். ஏழு நிமிடத்துக்குள் அடங்காததையும் சேர்த்து இந்த மாதப் பக்கத்தில் எழுதுகிறேன்.

இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரிச்சந்திரனில் தொடங்குவார்கள். அடுத்து, ஆய்வாளர் வந்த அன்று பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத மறுத்த சிறுவன் காந்தி வருவார். கடைசியில் தொலைந்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோக்காரர் வருவார். மூன்றும் நல்ல கதைகள். ஆனால் மூன்றிலும் கடைசியில் யாரோ பார்த்துவிடுகிறார்கள். அரிச்சந்திரனைத் தேவர்கள் பார்க்கிறார்கள், காந்தியை உலகம் பார்த்தது, ஆட்டோக்காரரைக் காவல் நிலையத்தில் சால்வை போட்டுப் படம் எடுக்கிறார்கள். நேர்மையாக இருந்தால் ஒருநாள் பாராட்டு கிடைக்கும் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கடைசிவரை யாருக்குமே தெரியாமல் போகும் ஒரு வேலையைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. துவாக்குடியில் அதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அங்கே வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலருடைய வீட்டில் அந்த வேலைதான் சோறு போடுகிறது.

தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டி வருகிறவர்களுக்கு இந்த ஊர் தெரியும். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இங்கே வந்தது. அதைச் சுற்றி, அதற்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் துவாக்குடி சிட்கோவில் முளைத்தன. நாட்டின் எத்தனையோ அனல்மின் நிலையங்களில் நிற்கும் பாயிலர்கள் இந்த மண்ணில் செய்யப்பட்டவை. பாயிலர் என்றால் அடிப்படையில் குழாய்கள்தான். ஒரு பெரிய மின்நிலையத்தின் பாயிலரில் குழாயோடு குழாய் சேரும் வெல்டிங் ஜாயின்ட்கள் பல்லாயிரம் இருக்கும். லாரி டயருக்கு நூறு பவுண்டுக்குச் சற்று மேலே காற்று அடிக்கிறார்கள்; இன்றைய பெரிய பாயிலர்களில் உள்ளே நிற்கும் அழுத்தம் 3,500 பவுண்டுக்கும் மேல். நீராவியின் சூடு 550 டிகிரியைத் தாண்டும். அந்த ஜாயின்ட்களில் எது ஒன்று விட்டுக்கொடுத்தாலும் அங்கிருந்து பீறிடும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அரித்து அறுத்துவிடும். பாயிலரை நிறுத்தி, குளிரவைத்து, ஓட்டையைத் தேடி, வெட்டி, மறுபடி வெல்டு செய்து சோதித்து ஓட்டுவதற்குள் நாட்கள் போய்விடும். நிலக்கரி மின்நிலையங்கள் திடீரென்று நின்றுபோவதற்குக் குழாய்க் கசிவு முக்கியமான காரணம்.

பேச்சுக்குப் போகும்போது கையில் இரண்டு குழாய்த் துண்டுகள் எடுத்துப்போனேன். பாயிலர் வெல்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற, நம் இதழின் நெடுநாள் வாசகர் ஒருவர் கொடுத்தவை அவை. இரண்டும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள். இரண்டிலும் நடுவில் ஒரு வெல்டிங் வளையம். வெளியே பார்த்தால் இரண்டுமே மீன் செதில் அடுக்கியதுபோல் அழகாக இருந்தன. முன்வரிசைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எது நல்லது, எது கெட்டது என்று சொல்லச் சொன்னேன். யாராலும் சொல்ல முடியவில்லை. "இப்போது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்" என்றேன். ஒரு குழாயின் உட்புறத்தில், ஜாயின்ட் இருக்கும் இடத்தில் சுற்றிலும் மெல்லிய மேடு வழவழவென்று ஓடியது. இன்னொன்றில் பாதிச் சுற்று வரை அந்த மேடு இருந்தது. பிறகு நகம் மாட்டும்படி ஒரு பள்ளம். இரண்டு குழாயின் விளிம்புகளும் அந்த இடத்தில் ஒன்றாகச் சேரவே இல்லை. மேலே மட்டும் உலோகம் மூடியிருந்தது.

அந்த உள்மேட்டுக்குத்தான் பட்டறையில் ரூட் என்று பெயர். ஒரு ஜாயின்ட் எப்படி உருவாகிறது என்று சொன்னால் இதன் முக்கியத்துவம் விளங்கும். முதலில் இரண்டு குழாய்களின் முனையையும் சரிவாகச் சீவி, எதிரெதிரே வைத்தால் 'வி' எழுத்துபோல் ஒரு பள்ளம் வரும்படி பொருத்துகிறார்கள். அடியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் முதல் வரிசை உலோகம் உருகி, இரண்டு விளிம்பையும் கடித்துக்கொண்டு உட்புறம்வரை இறங்க வேண்டும். ஆர்கான் வாயு சூழ, டிக் வெல்டிங்கில் நிதானமாகப் போடும் இந்த முதல் வரிசைதான் ரூட். அதற்கு மேலே ஃபில்லிங், கடைசியாக கேப்பிங். ரூட் போடப்பட்ட சில நிமிடங்களிலேயே அடுத்த வரிசை அதை மூடிவிடும். குழாயின் உள்ளே எட்டிப் பார்க்கும் வழியும் பெரும்பாலும் இருக்காது. ஜாயின்டின் உயிர் ரூட்டில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் மெச்சுவது கேப்பிங்கை.

"எக்ஸ்ரே எடுப்பார்களே சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அப்பா பட்டறையில் வேலை செய்கிறாராம். நல்ல கேள்வி. எடுப்பார்கள். பாயிலர் வேலைக்கு 1950-ல் வந்த இந்தியக் கொதிகலன் விதிகள் இருக்கின்றன, பட்டறைகளில் ஐ.பி.ஆர். என்பார்கள். அந்த விதிப்படி தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்ற வெல்டர்தான் அழுத்தம் தாங்கும் ஜாயின்டைத் தொடலாம். ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண் உண்டு. யார் போட்ட ஜாயின்ட் என்று அந்த எண் பதிவாகிவிடும். பிறகு இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலத்தை வைத்து ஃபிலிம் எடுப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழ், சேராத ரூட், மாட்டிக்கொண்ட கசடு இருந்தால் ஃபிலிமில் கறுப்பாகத் தெரியும். நான் கொண்டுபோன கெட்ட துண்டை ஃபிலிம் எடுத்தால் கட்டாயம் மாட்டும்.

ஆனால் ஃபிலிமுக்கும் எல்லைகள் உண்டு. எல்லா ஜாயின்டையும் எடுப்பதில்லை. சில வகை ஜாயின்ட்களில் பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். மீதி ஒன்பதும் அந்த ஒன்றைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பாயிலர் ஓடுகிறது. இன்னொன்று, ஃபிலிமிலும் வேலை காட்டலாம். ஒவ்வொரு ஃபிலிமிலும் ஜாயின்ட் எண், வெல்டர் எண், தேதி எல்லாம் ஈய எழுத்துகளாக வைத்துப் பதிவு செய்கிறார்கள். நல்ல ஜாயின்ட் ஒன்றையே இரண்டு முறை படம் எடுத்து, இரண்டாவது முறை ஈய எழுத்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டால், எடுக்காத ஜாயின்டுக்கும் "சரி" என்று காகிதம் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு வியப்பாக இருந்தது. கையால் போட்ட வெல்டிங்கில் அலையும் மேடும் ஜாயின்டுக்கு ஜாயின்ட் மாறும். ஒரே ஆள் அடுத்தடுத்துப் போட்டாலும் இரண்டு ஒன்றுபோல வராது. அதனால் அனுபவமுள்ள ஃபிலிம் வாசகர் சந்தேகம் வந்தால் இரண்டு ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்குப் பலகையில் பார்ப்பார். ஒரே இடத்தில் ஒரே புள்ளி, ஒரே வளைவு இருந்தால் கதை முடிந்தது. இரண்டு வேறு ஜாயின்ட்கள் அப்படிப் பொருந்தவே முடியாது.

இதையெல்லாம் மீறி, ஃபிலிம் எடுத்தாலும் தெரியாத விஷயங்களும் உண்டு. என்னைக் கேட்டால் தலைப்பின் உண்மையான இடம் அங்கேதான் இருக்கிறது. ஃபில்லிங்குக்குப் பயன்படுத்தும் வெல்டிங் ராடின் மேல் ஒரு பூச்சு இருக்கும். முக்கியமான வேலைக்கு லோ ஹைட்ரஜன் ராடு என்று தனி வகை. அந்தப் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் வெல்டிங்கின் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகி உருகிய உலோகத்துக்குள் போய்விடும். போனது சும்மா இருக்காது. உலோகம் ஆறிய பிறகு மெதுவாக நகர்ந்து, இறுக்கமான இடங்களில் சேர்ந்து, வெடிப்பை உண்டாக்கும். விசேஷம் என்னவென்றால் அது உடனே நடக்காது. சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாளோ கழித்துத்தான் வெடிப்பு வரும். வெல்டர் வீட்டுக்குப் போயிருப்பார், ஃபிலிமும் எடுத்து முடித்திருக்கலாம். அப்படியே பின்னால் எடுத்தாலும், மயிரிழை வெடிப்பு கதிர் போகும் திசைக்குக் குறுக்காக இருந்தால் ஃபிலிமில் விழாமல் தப்பிவிடும்.

இதைத் தடுக்கும் வழி எளிது. பாக்கெட்டைப் பிரித்ததும் ராடுகளை ஆவனில் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் சுட வேண்டும். பொதுவாக 250 முதல் 350 டிகிரி வரையில் ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு நூறு டிகிரிக்கு மேலேயே வைத்திருந்து, வேலை செய்யும் இடத்துக்குச் சின்ன ஆவனில் எடுத்துப்போய், ஒவ்வொன்றாக உருவிப் பயன்படுத்த வேண்டும். பகலில் தரையில் கிடந்த ராடை மாலையில் எடுத்துப் போடக் கூடாது. திரும்பச் சுட வேண்டும். ஒரு வெல்டரின் இரவு ஷிப்டு, மழைக்காலம், இன்னும் மூன்று ஜாயின்ட் முடித்தால் வீட்டுக்குப் போகலாம். சுட்ட ராடு தீர்ந்துவிட்டது. பக்கத்தில் நேற்றுப் பிரித்த பாக்கெட் இருக்கிறது. எடுத்துப் போட்டால் கேப்பிங் அதேபோல் அழகாகத்தான் விழும். சூப்பர்வைசருக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது, ஃபிலிமுக்கும் அநேகமாகத் தெரியாது. ராடுகளைச் சுட ஆகும் இரண்டு மணி நேரம் அந்த மனிதர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

குழாய்த் துண்டுகளைக் கொடுத்த அண்ணனிடம், இப்படிப்பட்ட இரவுகளில் அவர் என்ன செய்வார் என்று முன்பே கேட்டிருந்தேன். "ஆவன் சுவிட்சைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவேன் தம்பி. லேட்டானா திட்டுவாங்க. திட்டு வாங்கிக்கிட்டா வேலை முடிஞ்சுது" என்றார். அதில் தியாகம் என்றோ பெருமை என்றோ அவர் எதையும் பார்க்கவில்லை. வேலையின் ஒரு பகுதியாகவே அவர் அதைச் சொன்னார். பிள்ளைகளிடம் அவருடைய பதிலை அப்படியே சொன்னேன். சிரித்தார்கள்; நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள்.

தப்பு செய்கிறவர்கள் எல்லாம் காசுக்காகச் செய்வதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் ஒரு வார்ப்பாலை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான எஃகு வார்ப்புகளை அது செய்து கொடுத்தது. குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். அதனால் வார்ப்பிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, அதில் ஒரு வெட்டுத்தடம் போட்டு, மைனஸ் 73 டிகிரிக்குக் குளிரவைத்து, ஊசலாடும் சுத்தியலால் அடித்து உடைத்து, உடைவதற்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்பட்டது என்று அளக்க வேண்டும். ஆலையின் உலோகவியல் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண்மணி, தேறாத அளவுகளைத் தேறியதாக மாற்றி எழுதினார். 1985-ல் தொடங்கி 2017 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. குறைந்தது 240 வார்ப்புத் தொகுதிகளின் கணக்கு இப்படித் திருத்தப்பட்டது. ஆய்வகத்தில் வேலை செய்த ஒருவர் ஒரு சோதனை அட்டையில் எண் மாற்றப்பட்டிருப்பதைக் கவனித்த பிறகுதான் வெளியே வந்தது. 2022-ல் அந்தப் பெண்மணிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவர் அதனால் பணம் எதுவும் சம்பாதித்ததாக வழக்கில் சொல்லப்படவில்லை. அவ்வளவு குளிரில் சோதிக்கச் சொல்வதே முட்டாள்தனம் என்று தான் நினைத்ததால் சில முடிவுகளை மாற்றியதாக விசாரணையில் சொன்னார். இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். அவர் தன் துறை தெரிந்தவர். கடலடியில் அவ்வளவு குளிர் இராது என்பது அவருக்குத் தெரியும். சோதனை தேவைக்கு மேல் கடுமையாக இருக்கிறது என்று அவர் கருதியிருந்தால் கடற்படைக்கு எழுதியிருக்கலாம், வாதாடியிருக்கலாம். தன் கருத்தையே சோதனை முடிவாக எழுதிவிட்டார். அந்த எஃகால் கப்பல் எதுவும் மூழ்கவில்லை. ஆனால் கப்பல்கள் பாதுகாப்பாக ஓடுகின்றனவா என்று உறுதிசெய்யக் கடற்படை தனியாகப் பல வேலைகளைச் செய்ய வேண்டியதாயிற்று. எதிர்பாராத மோதலோ அதிர்ச்சியோ வந்தால் தாங்கட்டும் என்று வடிவமைத்தவர்கள் கூடுதலாக விட்டுவைத்திருந்த பலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதன் பிறகு யாருக்கும் சரியாகத் தெரியாமல் போயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி இதைச் சொல்வது கடினம் என்று நினைத்திருந்தேன். "மேலே ஒன்றும் ஆகவில்லை என்றாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது" என்றதும் முன்வரிசையில் ஒரு பையன் தன் கையில் இருந்த குழாய்க்குள் மறுபடி விரலை விட்டுப் பார்த்தான்.

ஏழு நிமிடம் முடிந்தது. தலைமை ஆசிரியை பெரிய மனதோடு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தார். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், ராடை சுடாதே, சீக்கிரம் முடின்னு சூப்பர்வைசரே சொன்னா அந்த வெல்டர் என்ன செய்வார்?" அவளுடைய வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும். கூட்டத்தில் பேசுகிற நம்மைப்போன்றவர்கள் வசதியாக விட்டுவிடும் கேள்வி அது. சிட்கோ பட்டறைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. சில இடங்களில் ஜாயின்ட் கணக்கில்தான் கூலி. ஃபிலிமில் ரிப்பேர் வந்தால் திரும்பச் செய்யும் நேரத்துக்குக் கூலி கிடைக்காது. ரூட் சரியாக விழவில்லை என்று தெரிந்த நொடியில் வெல்டர் தானே நிறுத்தி, கிரைண்டர் வைத்து அந்த இடத்தைச் சீவி எடுத்துவிட்டு மறுபடி போட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். அதையே மூடிவிட்டு, பிறகு ஃபிலிமில் மாட்டினால் மொத்தத்தையும் தோண்டி, மறுபடி நிரப்பி, மறுபடி படம் எடுக்க ஒரு நாள் போகும். மாட்டாமல் தப்பினால் மின்நிலையத்தில் போய் என்றைக்காவது கசியும். ஆக, பட்டறைக்கும் வெல்டருக்கும் மலிவான வழி அந்த முதல் அரை மணி நேரம்தான். ஆனால் "ரூட் தப்பு" என்று தானாக வந்து சொல்கிறவரைத் திட்டி, கூலியில் பிடித்து, நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். மூடிவிடுவார். அப்படி மூடப்பட்ட ரூட்டில் பாதிப் பொறுப்பு அவரைத் திட்டியவருக்கும் உண்டு என்பதே என் கருத்து. மாணவிக்கும் இதையே சொன்னேன்: அந்த வெல்டர் சுடாத ராடால் போட மறுக்க வேண்டும், முடியாவிட்டால் எந்த ஜாயின்டில் போட்டார் என்றாவது பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், அப்படி எழுதியவரைக் காப்பாற்றுவது மேலே இருப்பவர்களின் வேலை.

கூட்டம் கலைந்த பிறகு ஆசிரியர் அறையில் பேச்சு நீண்டது. இந்த இதழைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வந்தது அங்கே பேசியதுதான். பள்ளிக்கூடத்தில் மூடப்படும் ரூட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தனி ஊசல் சோதனை உண்டு. நூலின் நீளம் 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபது முழு அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப் கிளாக்கில் பார்த்து, அதிலிருந்து புவிஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். சரியாகச் செய்தால் இருபது அலைவுக்கு ஏறத்தாழ 40.1 விநாடி வரும், விடை 9.8. ஒரு பையன் உண்மையாகவே செய்து பார்க்கிறான், 38.1 விநாடி வருகிறது. கணக்கிட்டால் விடை 10.9. பக்கத்து டேபிளில் எல்லோருக்கும் 9.8. அவன் என்ன செய்கிறான்? ரப்பரை எடுத்து 38.1-ஐ அழித்துவிட்டு 40.1 என்று எழுதுகிறான். அதற்கு மேலும் கீழும் இருக்கும் வரிசைகளையும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்பிவிடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிறார். முழு மதிப்பெண்.

அவனுடைய 38.1 ஒரு அருமையான அளவு. ஊசலை விட்ட அந்தக் கணத்தில் அவன் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறான். "பூஜ்யம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். இருபது என்று எண்ணி முடித்தபோது உண்மையில் ஆடியது பத்தொன்பது அலைவுகள்தான். பத்தொன்பது அலைவுக்கு 38.1 விநாடி என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதாவது அவனுடைய கண்ணும் கையும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன. எண்ணத் தொடங்கிய இடம் மட்டும் தவறு. 38.1-ஐ அழிக்காமல் ஆசிரியரிடம் காட்டியிருந்தால் அவர் ஒரே பார்வையில் "ஒன்றிலிருந்தா எண்ணினாய்?" என்று கேட்டிருப்பார். ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். வாழ்நாளுக்கும் அவன் எதையும் பூஜ்யத்திலிருந்து எண்ணியிருப்பான். அழித்ததால் அந்தப் பாடமும் போயிற்று. விடை பொருந்தாதபோது அளவை மாற்றிக்கொள்ளலாம் என்ற இன்னொரு பாடத்தைக் கற்றுக்கொண்டான்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. கையால் ஸ்டாப் கிளாக்கை அழுத்தி எடுக்கும் அளவுகள் சற்று முன்பின்னாகத்தான் விழும். 40.0, 40.3, 39.9 என்று சிதறியிருந்தால் அவன் செய்திருக்கிறான். வகுப்பில் நாற்பது நோட்டிலும் 40.1, 40.1 என்று ஒரே எண் நின்றால் யாரோ ஒருவர் செய்திருக்கிறார் அல்லது ஒருவருமே செய்யவில்லை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்கும் அந்த இரண்டு ஃபிலிம்களிலும் இதே கதைதான். ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அன்று என்னோடு பேசிய இயற்பியல் ஆசிரியர் மனம் திறந்தே சொன்னார்: "பொதுத்தேர்வு பிராக்டிகல்ல விடை சரியா வரலைன்னா மார்க் போயிடும் சார். அந்தப் பயத்துல நாங்களே கண்டுக்காம விட்டுடறோம்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயம் பட்டறையில் வெல்டருக்கு இருக்கும் பயத்திலிருந்து கொஞ்சமும் வேறுபட்டதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் உண்மையைச் சொல்கிறவருக்கு நஷ்டம் வைத்திருக்கிறோம். பிறகு அவர்களை வரிசையில் நிறுத்தி நேர்மையைப் பற்றி ஏழு நிமிடம் பேசுகிறோம். துவாக்குடிப் பிள்ளைகளில் சிலர் நாளை ஐ.டி.ஐ. முடித்து இதே பட்டறைகளுக்குப் போவார்கள். சிலர் சாலைக்கு அந்தப் பக்கம் என்.ஐ.டி.யில் படித்து அந்த ஜாயின்ட்களை வடிவமைப்பார்கள், ஃபிலிம் பார்ப்பார்கள், அறிக்கையில் கையெழுத்திடுவார்கள். 38.1-ஐ அழித்த கை அங்கேயும் அதே கைதான்.

அதனால் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வின் மதிப்பெண் முறையை உங்களால் மாற்ற முடியாது. உங்கள் ஆய்வகத்தில் ஆண்டு முழுவதும் நடக்கும் சோதனைகளுக்கு நீங்களே முடிவு செய்யலாம். ரெக்கார்டில் ரப்பரைத் தடை செய்யுங்கள். பேனாவில் எழுதட்டும், தவறினால் ஒரே கோடு போட்டு அடிக்கட்டும், அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். 10.9 என்று விடை வந்த மாணவன், ஏன் அப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதினால் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். காரணம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதினாலும் கொடுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் நோட்டில் அப்படி அடித்து எழுதிய எண்ணைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். இந்தக் கல்வியாண்டில் யாராவது ஒரு பள்ளியில் இதைச் செய்து பார்த்தால் என்ன நடந்தது, பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குக் கடிதம் போடுங்கள். அந்தக் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்